வட்டி போக என்ன மிஞ்சும்?

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, அமெரிக்காவின் புகழ்பெற்ற பொம்மைக் கடை நிறுவனமான ‘டாய்ஸ் ஆர் அஸ்’ வெர்ஜினியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் உள்ள திவால் நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கேட்டு மனுப் போட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கான சரக்கு கிடங்குகளில் இறங்க வேண்டிய நேரம் அது. அந்த நிறுவனத்தின் ஆண்டு விற்பனையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் கடைசி மூன்று மாதங்களில்தான் நடக்கும். வருடம் முழுக்கக் காத்திருந்த அறுவடைக்கு முன்பாகவே அது கையை விரித்துவிட்டது.

ஆறே மாதத்தில் கதை முடிந்தது. 2018 மார்ச்சில், அமெரிக்காவில் மிச்சமிருந்த எழுநூற்றுச் சொச்சம் கடைகளையும் மூடப் போவதாக அறிவித்தார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். 1948இல் குழந்தைகளுக்கான மரச்சாமான் கடையாக இதைத் தொடங்கிய சார்ல்ஸ் லாசரஸ், அந்த அறிவிப்பு வந்த சில நாட்களில் காலமானார்.

அமேசான் வந்து அழித்துவிட்டது என்றுதான் பெரும்பாலோர் இன்றும் சொல்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. வால்மார்ட்டும் டார்கெட்டும் பொம்மைகளை அடிமாட்டு விலைக்கு விற்றதும் உண்மை. ஆனால் கணக்குப் புத்தகம் வேறொன்றைச் சொல்கிறது. 2017 ஜனவரி இறுதியில் முடிந்த நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் விற்பனை சுமார் 1,154 கோடி டாலர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததற்கு இது குறைவில்லை. சரக்கு வாங்கிய விலை, சம்பளம், வாடகை, தேய்மானம் எல்லாம் போக, வியாபாரத்தில் நின்ற லாபம் 46 கோடி டாலர். வாடிக்கையாளர் வராமல் ஈ ஓட்டிய கடை இல்லை இது. லாபத்தில் நடந்த கடை.

அதே ஆண்டு அது கட்ட வேண்டியிருந்த வட்டி 45 கோடியே 70 லட்சம் டாலர்.

வந்த லாபத்தையும் கட்டிய வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அடுத்த மந்தத்தை இந்தக் கடை தாங்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அப்படி வைத்துப் பார்ப்பதைத்தான் இன்ட்ரஸ்ட் கவரேஜ், அதாவது வட்டி ஈட்டு விகிதம் என்கிறார்கள். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை அந்த ஆண்டின் வட்டியால் வகுக்க வேண்டும். 46ஐ 45.7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1. ஒரு டாலர் லாபம் வந்தால் ஒரு டாலர் வட்டிக்குப் போகிறது. கடையைப் புதுப்பிக்கவோ, இணைய விற்பனைக்குச் செலவழிக்கவோ, அசலைக் கட்டவோ எதுவும் மிஞ்சவில்லை.

இந்த வட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் இரண்டாவது விகிதத்தின் கதை தொடங்குகிறது.

2005இல் டாய்ஸ் ஆர் அஸ் பங்குச் சந்தையில் இருந்த நிறுவனம். வியாபாரம் மந்தமாக இருந்தது. பங்கின் விலையும் அப்படித்தான். அப்போது கேகேஆர், பெய்ன் கேபிடல் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களும், வொர்னாடோ என்ற ரியல் எஸ்டேட் நிறுவனமும் சேர்ந்து அதை 660 கோடி டாலருக்கு வாங்கின. இதில் மூவரும் தங்கள் பையிலிருந்து போட்டது சுமார் 130 கோடி டாலர்தான். மீதி ஐந்நூறு கோடிக்கு மேல் கடன். அந்தக் கடன் வாங்கியவர்களின் தலையில் விழவில்லை. வாங்கப்பட்ட கடையின் பெயரிலேயே ஏறியது. கடன் வாங்கிக் கையகப்படுத்தும் முறையின் இயல்பே இதுதான்: வாங்கப்படும் நிறுவனம் தன்னை வாங்குவதற்கான கடனைத் தானே சுமக்கும்.

நிறுவனத்தின் மொத்தக் கடனை, உரிமையாளர்களின் சொந்த முதலால் வகுத்தால் வருவது டெட் ஈக்விட்டி ரேஷியோ, கடனுக்கும் சொந்த முதலுக்கும் உள்ள விகிதம். பங்குதாரர்கள் போட்ட பணமும், இத்தனை வருடங்களில் பங்கிட்டுக் கொடுக்காமல் நிறுவனத்திலேயே விட்டுவைத்த லாபமும் சேர்ந்ததுதான் சொந்த முதல். டாய்ஸ் ஆர் அஸ் கைமாறிய நாளில் இந்த விகிதம் சுமார் 4. ஒரு டாலர் சொந்தப் பணத்துக்கு நாலு டாலர் கடன்.

அந்தக் கடனில் ஒரு புதிய கடைகூடக் கட்டப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பணம் பழைய பங்குதாரர்களுக்குப் போய்விட்டது. ஒரு ஆலை கடன் வாங்கிப் புது இயந்திரம் போட்டால், கடனோடு கூடவே உற்பத்தியும் ஏறும். அந்த உற்பத்தியின் லாபம் வட்டியைச் சுமக்கும். இங்கே கடைகளின் எண்ணிக்கை, சரக்கு, வாடிக்கையாளர்கள் எல்லாம் அப்படியே இருக்க, வட்டி மட்டும் பல மடங்கானது. கைமாறுவதற்கு முன்பு நிறுவனத்தின் கடன் இருநூறு கோடி டாலருக்குள்தான் இருந்தது.

சொந்த முதலும் கடனும் ஒரே கல்லாவில் வந்து சேர்கிற பணம்தான் என்றாலும், மந்தம் வரும்போது அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. பங்குதாரருக்கு நல்ல ஆண்டில் ஈவுத்தொகை கொடுக்கலாம், கெட்ட ஆண்டில் நிறுத்திவிடலாம். அவர் கோபப்படலாம், பங்கை விற்றுவிட்டுப் போகலாம், ஆனால் நீதிமன்றத்துக்குப் போய் ‘என் பணத்தைக் கொடு’ என்று கேட்க முடியாது. கடன் கொடுத்தவருக்கு ஆண்டு நல்லதா கெட்டதா என்பதில் அக்கறை இல்லை. குறித்த தேதியில் வட்டி வந்தாக வேண்டும். ஆகவே கடன் விகிதம் 4 என்றால், அந்த நிறுவனம் தன் லாபத்தின் பெரும்பகுதியை, நிறுத்தவே முடியாத செலவாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டது என்று பொருள்.

சொந்த முதலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது அதுதான். 130 கோடி சொந்த முதல் உள்ள நிறுவனம் 130 கோடி நஷ்டப்பட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு டாலர் நஷ்டமும் கடன் கொடுத்தவரின் பணம். டாய்ஸ் ஆர் அஸ்ஸுக்கு 2013ஆம் நிதியாண்டில் மட்டும் நிகர நஷ்டம் நூறு கோடி டாலருக்கு மேல். அதன் பிறகு அதன் சொந்த முதல் சுழியத்துக்குக் கீழே போனது. திவாலாகும்போது அதன் கடனும் பாக்கிகளும் சொத்துகளைவிட நூறு கோடி டாலருக்கு மேல் அதிகமாக இருந்தன. இந்த நிலையில் கடன் விகிதத்தைக் கணக்கிட்டால் எதிர்மறை எண் வரும். சில இணையதளங்களில் அதை அப்படியே போட்டிருப்பார்கள். எண் சிறியதாகத் தெரிவதால் கடன் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. வகுப்பதற்குச் சொந்த முதலே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

அப்படியும் நிறுவனம் பல ஆண்டுகள் ஓடியது. சொத்தைவிடக் கடன் அதிகமானதும் மறுநாளே கதவைச் சாத்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வட்டி கட்டப் பணம் வந்துகொண்டிருக்கும் வரை, தவணை வரும்போது பழைய கடனைப் புதுக் கடனால் மாற்ற யாராவது முன்வரும் வரை, வண்டி ஓடும். இதனால்தான் ஒரு விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கடன் விகிதம், அடி விழுந்தால் எத்தனை அடி தாங்கும் என்பதையும், அவசரத்துக்கு இன்னும் கடன் கிடைக்குமா என்பதையும் சொல்கிறது. வட்டி ஈட்டு விகிதம், இப்போதைய வருமானத்தில் மூச்சு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. முதலாவது பல ஆண்டுகளில் மெல்ல மாறும். இரண்டாவது ஒரே காலாண்டில் தலைகீழாகும்.

ஒன்று மற்றொன்றை இழுத்துவிடுவதும் உண்டு. டாய்ஸ் ஆர் அஸ் வெளியிட்டிருந்த கடன் பத்திரங்களில் ஒன்று 2017இல் முதிர வேண்டியது, அதற்கு வட்டி 10.375 சதவீதம். இன்னொன்று 2018இல் முதிர வேண்டியது, அதற்கு 7.375 சதவீதம். கையில் திருப்பித் தரப் பணம் இல்லை. 2016இல் இவற்றின் பெரும்பகுதியை, 2021இல் முதிரும் புதுப் பத்திரங்களாக மாற்றிக்கொண்டார்கள். புதியவற்றின் வட்டி 12 சதவீதம். சொந்த முதல் இல்லாத நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர் அதற்கு ஏற்ற விலை கேட்பார். நாள் நீண்டது; ஆனால் அந்த நீட்டிப்புக்காக வட்டி ஏறியது; வட்டி ஏறியதால் ஈட்டு விகிதம் இன்னும் இறுகியது. கடன் விகிதம் மோசமாக உள்ள எந்த நிறுவனத்திலும் இந்தச் சுழல் எப்போது தொடங்குகிறது என்று பார்ப்பது நல்லது. பழைய கடனைவிடப் புதுக் கடன் தெளிவாக அதிக வட்டிக்கு வருகிறது என்றால், சந்தை ஏற்கெனவே கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

வட்டி ஈட்டு விகிதத்துக்கு வருவோம். 1 என்றால் விளிம்பு என்பது எல்லோருக்கும் புரியும். ஆனால் 1.5 என்றால்? 3 என்றால்? அந்த எண்ணை, லாபம் எவ்வளவு விழலாம் என்ற கேள்வியாக மாற்றிக்கொண்டால் அதன் பொருள் தெளிவாகும். விகிதம் 3 என்றால், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்குப் போகிறது. ஆகவே லாபம் மூன்றில் இரண்டு பங்கு சரிந்தாலும் வட்டி கட்டிவிடலாம். 2 என்றால் லாபம் பாதியாகும் வரை தாங்கும். 1.5 என்றால் மூன்றில் ஒரு பங்கு விழும் வரைதான். 1.2 என்றால், லாபம் ஆறில் ஒரு பங்கு குறைந்ததுமே வட்டிக்குக் கை நீட்ட வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு லாபம் குறைவது பெரிய விபத்து என்று தோன்றும். வியாபாரத்தில் அது பெரிய விபத்தே இல்லை. ஏனென்றால் விற்பனை சரிவதைவிட லாபம் பல மடங்கு வேகமாகச் சரியும். டாய்ஸ் ஆர் அஸ் கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். நூறு டாலருக்குப் பொம்மை விற்றால், பொம்மை வாங்கிய விலை போக அவர்களுக்கு ஏறத்தாழ 35 டாலர் நிற்கும். அதில்தான் வாடகை, சம்பளம், மின்சாரம், விளம்பரம் எல்லாம். இவை விற்பனை குறைந்தால் உடனே குறையாதவை. கடையில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது என்பதற்காகக் கட்டட உரிமையாளர் வாடகையைக் குறைக்க மாட்டார்.

இப்போது விற்பனை வெறும் 2 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,154 கோடியில் 2 சதவீதம் 23 கோடி டாலர். அதில் நிறுவனத்துக்கு நின்றிருக்க வேண்டிய 35 சதவீதம், அதாவது 8 கோடி டாலர், இல்லாமல் போகிறது. 46 கோடி லாபம் 38 கோடியாகிறது. விற்பனையில் 2 சதவீதச் சரிவு, லாபத்தில் 17 சதவீதச் சரிவாக வந்து நிற்கிறது. வட்டியோ அதே 45.7 கோடி. ஈட்டு விகிதம் 0.83. வட்டியை முழுதாகக் கட்ட 8 கோடி டாலர் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். விற்பனை 5 சதவீதம் குறைந்தால் லாபம் 26 கோடிக்கு இறங்கி, விகிதம் 0.57 ஆகிவிடும்.

இதே கடையை, கைமாறாமல், பழைய அளவுக் கடனோடு கற்பனை செய்யுங்கள். கடன் 186 கோடி, வட்டி 8 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ஆண்டு வட்டி 15 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. அதே 46 கோடி லாபத்துக்கு ஈட்டு விகிதம் 3ஐத் தாண்டும். லாபம் 31 கோடி வரை கரையலாம். அவ்வளவு கரைய வேண்டும் என்றால், செலவில் ஒரு காசுகூடக் குறைக்காமல் இருந்தாலும், விற்பனை 7 சதவீதத்துக்கு மேல் விழ வேண்டும். அதுவரை வட்டி போக மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தில் கடைகளைச் சீர்செய்திருக்கலாம், அமேசானோடு போட்டியிடக் கொஞ்சமாவது முயன்றிருக்கலாம். அதே பொம்மைகள், அதே ஊழியர்கள், அதே போட்டி. கடனும் முதலும் கலந்த அளவு மட்டுமே வேறு. நடந்த கதையிலோ, கடனுக்காக ஆண்டுக்கு சுமார் 40 கோடி டாலர் போனது, கடைகளில் முதலீடு செய்யக் கையில் ஒன்றும் இல்லாமல் போனது என்று நிறுவனமே நீதிமன்றத்தில் சொன்னது. அமேசான் அந்தக் கடையைத் தோற்கடித்தது என்பதைவிட, போட்டியிட வழியில்லாத நிலையில் அது களத்தில் நிறுத்தப்பட்டிருந்தது என்பதே என் கருத்து.

இவ்வளவு நெருக்கடியில் இருந்த நிறுவனத்தை வெளியிலிருந்தவர்கள் ஏன் முன்பே கண்டுகொள்ளவில்லை என்று கேட்கலாம். ஒரு காரணம், லாபத்தை எந்த இடத்தில் நிறுத்தி அளக்கிறோம் என்பது. நிறுவனங்களும் தரகு ஆய்வாளர்களும் எபிட்டா என்ற அளவை விரும்புவார்கள். வட்டி, வரி ஆகியவற்றோடு தேய்மானத்தையும் கழிக்காமல் சொல்லும் லாபம் அது. டாய்ஸ் ஆர் அஸ் அதே நிதியாண்டில் வெளியிட்ட எபிட்டா ஏறத்தாழ 79 கோடி டாலர். இதை வட்டியால் வகுத்தால் 1.7 வரும். நடுத்தரமான, சமாளிக்கக்கூடிய எண் மாதிரித் தெரியும். தேய்மானத்தைக் கழித்து அளந்தால் 1.

தேய்மானம் காகிதச் செலவுதானே, கையை விட்டுப் பணம் போகவில்லையே என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். ஓராண்டுக்கு அது சரி. ஆனால் கடையின் அலமாரியும் கூரையும் கணினியும் உண்மையிலேயே தேய்கின்றன. அவற்றை மாற்றாமல் பத்து ஆண்டு ஓட்டினால் வாடிக்கையாளர் அந்த மங்கலான விளக்கையும் காலியான அலமாரியையும் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போவார். தேய்மானத்தைக் கழிக்காமல் கணக்கிட்ட விகிதம், வீட்டைப் பழுதுபார்க்காமல் இருந்தால் மட்டுமே கட்ட முடிகிற வட்டியைக் காட்டுகிறது. ஆகவே ஒரு நிறுவனம் தன் வட்டி ஈட்டு விகிதத்தைச் சொன்னால், மேலே இருக்கும் லாபம் எந்த லாபம் என்று முதலில் கேட்க வேண்டும்.

கடைசி நாட்கள் எப்படி நகர்ந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விகிதங்கள் காட்டாத ஒரு வேகம் அதில் இருக்கிறது. 2017 செப்டம்பர் முதல் வாரத்தில், கடனைச் சீரமைக்க நிறுவனம் ஒரு திவால் வழக்கறிஞர் குழுவை அமர்த்தியிருப்பதாகத் தொலைக்காட்சிச் செய்தி வந்தது. அடுத்த ஒரே வாரத்தில், சரக்கு அனுப்பும் நிறுவனங்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம், பணத்தைக் கையில் வைத்தால்தான் சரக்கு என்று சொல்லிவிட்டன. அதுவரை சரக்கை முதலில் அனுப்பி, சில வாரங்கள் கழித்துப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இந்த மாற்றத்தைச் சமாளிக்க உடனடியாக நூறு கோடி டாலருக்கு மேல் தேவைப்பட்டது. எந்த வங்கியும் தரும் நிலையில் இல்லை. அடமானம் வைக்கச் சொத்தும் மிச்சமில்லை.

பொம்மை செய்து அனுப்புகிறவர் கொடுக்கும் சில வாரத் தவணை கடன் விகிதத்தில் பெரும்பாலும் சேராது. அதற்கு வட்டி இல்லாததால் ஈட்டு விகிதத்திலும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு விகிதங்களையும் பார்த்துத்தான் அவர் தவணை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். நிறுவனம் திவாலானால் அடமானம் பெற்ற வங்கிகளுக்குப் பிறகுதான் தனக்கு என்பது அவருக்குத் தெரியும். அதனால் விகிதங்கள் மோசமான நிறுவனத்தின் முடிவு மெல்ல மெல்ல வருவதில்லை. பல ஆண்டுகள் சமாளித்துவிட்டு, ஒரு வதந்தியில் ஒரு வாரத்தில் வருகிறது.

அமெரிக்கக் கடைகள் மூடப்பட்ட பின்பும், கனடாவிலிருந்த கடைகளை ஃபேர்ஃபாக்ஸ் என்ற நிறுவனம் வாங்கித் தொடர்ந்து நடத்தியது. ஆசியக் கடைகளும் கைமாறி நடந்தன. அந்தக் கடன் மூட்டையிலிருந்து பிரித்தெடுத்த இடங்களில் வியாபாரம் உடனே சாகவில்லை.

இந்தியாவில் இதே கணக்கு ஒரு நிறுவனத்தோடு நிற்காமல் வங்கிகளையே உலுக்கியது. 2000களின் நடுவில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தபோது, இரும்பு, மின்சாரம், சாலை, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பெரும் கடன் வாங்கி ஆலைகளும் நிலையங்களும் கட்டத் தொடங்கின. பிறகு வளர்ச்சி தளர்ந்தது, வட்டி ஏறியது, அனுமதிகள் தாமதமாயின. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, வட்டி ஈட்டு விகிதம் 1க்குக் கீழே உள்ள நிறுவனங்களைத் தனி வகையாகவே பிரித்துப் பார்த்தது. கிரெடிட் சூயிஸ் கண்காணித்த பெரு நிறுவனக் கடனில், 2013 வாக்கில் மூன்றில் ஒரு பங்கும், 2015 வாக்கில் சுமார் நாற்பது சதவீதமும், வட்டிக்கே போதிய லாபம் ஈட்டாத நிறுவனங்களின் கையில் இருந்தது. வங்கிகளின் வாராக்கடன் கணக்கில் இவற்றில் பல அப்போது ஏறியிருக்கவில்லை. விகிதம் வாராக்கடன் பட்டியலுக்கு முன்னாலேயே உண்மையைச் சொல்லியிருந்தது.

2017 ஜூனில் ரிசர்வ் வங்கி பன்னிரண்டு பெரிய கணக்குகளைப் புதிய திவால் சட்டத்தின் கீழ் கொண்டுபோகச் சொன்னது. அவற்றில் ஒன்று பூஷண் ஸ்டீல். கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகை ஏறத்தாழ 56,000 கோடி ரூபாய். 2018 மே மாதம் டாடா ஸ்டீல் அதை எடுத்துக்கொண்டு வங்கிகளுக்கு 35,200 கோடி ரூபாய் கொடுத்தது. ஒடிசாவில் உள்ள அந்த ஆலையின் உலைகள் இன்றும் எரிகின்றன. உரிமைதான் கைமாறியது. ஒரு நிறுவனம் மந்தத்தைத் தாங்கவில்லை என்றால் அதன் ஆலை நின்றுவிட்டது என்று பொருளில்லை. அதன் பங்குதாரரின் முதல் அழிந்து, கடன் கொடுத்தவரின் பணத்தில் ஒரு பகுதியும் போனது என்பதே பெரும்பாலும் பொருள்.

ஆலை கட்டும் நிறுவனங்களில் வட்டி ஈட்டு விகிதத்தை மறைக்கும் ஒரு கணக்கியல் விதி இருக்கிறது. ஆலை கட்டி முடியும் வரை, அதற்காக வாங்கிய கடனின் வட்டி லாப நட்டக் கணக்கில் செலவாக வராது. ஆலையின் விலையோடு சேர்த்துச் சொத்தாகவே எழுதப்படும். விதிப்படி இது சரியானது. ஆனால் கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் வட்டி உண்மையைவிடக் குறைவாகவும், ஈட்டு விகிதம் நன்றாகவும் தெரியும். ஆலை திறந்த மறு ஆண்டில் முழு வட்டியும் தேய்மானமும் ஒன்றாக வந்து இறங்கும். அந்த ஆண்டில் இரும்பு விலையும் சரிந்திருந்தால் விகிதம் ஒரேயடியாகக் கவிழும். இதைக் கண்டுபிடிக்க, ஆண்டறிக்கையின் பணப் புழக்க அறிக்கையில் ‘செலுத்திய வட்டி’ என்று இருக்கும் தொகையை, லாப நட்டக் கணக்கின் நிதிச் செலவோடு ஒப்பிட்டால் போதும். முன்னது பின்னதைவிட மிகப் பெரியதாக இருந்தால், மிச்ச வட்டி எங்கோ சொத்தாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. குறிப்புகளில் தேட வேண்டும்.

எவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று கேட்பவர்களுக்கு, ஈட்டு விகிதம் 1.5க்குக் கீழே ஆபத்து, 3க்கு மேல் நிம்மதி என்று பொதுவாகச் சொல்வார்கள். கடன் விகிதம் 1க்குள் இருப்பது நல்லது என்பார்கள். தொழிலைப் பார்க்காமல் இந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது. மின்சாரம் கடத்தும் நிறுவனங்களுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும்போது, 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த முதல் என்ற கலவையைத்தான் அளவுகோலாக வைக்கிறது. கடன் விகிதம் 2.3 வருகிறது. இருந்தும் அது பயமுறுத்துவதில்லை. கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கான கட்டணத்திலேயே வட்டியும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. நாட்டில் மந்தம் வந்தாலும் வருமானம் பெரிதாக அசையாது. இரும்பு ஆலைக்கு விலையை உலகச் சந்தை வைக்கிறது. ஒரே ஆண்டில் லாபம் பாதியாவது அங்கே அதிசயமில்லை. அதே 2.3 விகிதம் இரும்பு ஆலைக்குக் கழுத்துக் கயிறு. ஹோட்டல், விமானம், சிமென்ட், சர்க்கரை, நூற்பாலை போன்ற ஏற்ற இறக்கத் தொழில்களையும் இரும்போடு சேர்த்தே எண்ண வேண்டும்.

எனவே ஒரு நிறுவனத்தின் பங்கையோ கடன் பத்திரத்தையோ வைத்திருப்பவர், அல்லது அதில் வேலைக்குச் சேரப் போகிறவர், நல்ல ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்து நிற்கக் கூடாது. குறைந்தது பத்து ஆண்டுகளின் ஆண்டறிக்கைகளைத் திரட்டி, அந்தத் தொழிலுக்கு மோசமான ஆண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பல தொழில்களுக்கு 2020-21 அப்படிப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டில் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், அதற்கு முந்தைய ஆண்டைவிட எத்தனை சதவீதம் விழுந்தது என்று குறித்துக்கொண்டு, இன்றைய லாபத்தையும் அதே சதவீதம் குறைத்து, இன்றைய வட்டியால் வகுத்துப் பார்க்க வேண்டும். விடை 1க்கு மேல் இருந்தால் அந்த அளவு மந்தத்தை நிறுவனம் தன் வருமானத்திலேயே தாண்டும். 1க்குக் கீழே இருந்தால், பற்றாக்குறையை எதைக் கொண்டு நிரப்பும் என்பது அடுத்த கேள்வி. கையிருப்புப் பணம் எவ்வளவு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் திருப்ப வேண்டிய அசல் எவ்வளவு என்று அப்போதுதான் பார்க்க வேண்டும். கடன் விகிதம் குறைவாக இருந்தால் வங்கி இன்னும் கொடுக்கும், பங்குதாரர்களும் புதுப் பணம் போடுவார்கள். அது ஏற்கெனவே 3, 4 என்று இருந்தால் இரண்டு கதவும் மூடியிருக்கும்.

லாபத்தில் ‘இதர வருமானம்’ கலந்திருந்தால் அதையும் எடுத்துவிட்டுக் கணக்கிட வேண்டும். நிலம் விற்று வந்த பணம் அடுத்த ஆண்டு வராது. நிலத்தின் மதிப்பை மறுமதிப்பீடு செய்து சொந்த முதலை உயர்த்திக் காட்டியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். அந்த உயர்வு காகிதத்தில் கடன் விகிதத்தைக் குறைக்கும், ஆனால் வட்டி கட்ட ஒரு ரூபாய்கூடத் தராது.

இந்தியாவில் இந்த வேலை முன்பைவிட எளிதாகியிருக்கிறது. நிறுவனச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் செய்த திருத்தத்தின்படி, 2021 ஏப்ரல் முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, கடன் விகிதத்தையும், வட்டியோடு அசல் தவணையையும் சேர்த்து அளக்கும் கடன் சேவை ஈட்டு விகிதத்தையும் நிதிநிலை அறிக்கைக் குறிப்புகளிலேயே நிறுவனங்கள் கொடுக்க வேண்டும். ஏதாவது ஒரு விகிதம் முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், அதற்கான காரணத்தை அருகிலேயே எழுத வேண்டும். பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். ‘லாபம் குறைந்ததால்’ என்று இருக்கிறதா, ‘புதிய கடன் பெற்றதால்’ என்று இருக்கிறதா என்று அந்த வரியில் பாருங்கள். முதலாவது சந்தை செய்தது. நிலைமை திரும்பினால் அதுவும் திரும்பலாம். இரண்டாவது நிர்வாகம் தெரிந்தே எடுத்த முடிவு. அந்தக் கடனில் என்ன வாங்கினார்கள் என்று தேடிப் படிக்க வேண்டிய இடம் அது.